பொதுச்சாவி மின்னஞ்சல்: சாவியை உருவாக்குவது முதல் நம்பிக்கை வலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்துச் செல்கிறது. சுங்கை சிப்புட்டில் ஒரு குடியிருப்போர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டம் கைமாறியதால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய முன்னாள் தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல்களும் சேமநிதிக் கணக்கு எண்களும் அடங்கிய பட்டியலைக் குழுவின் செயலாளர் கோலாலம்பூரில் உள்ள வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இருவரும் சந்தித்ததில்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மட்டும் இருவரையும் நேரில் தெரியும். இந்த மூவரை வைத்தே எல்லாப் படிகளையும் விளக்குகிறேன்.

## 1. தொடங்கும் முன்

மூவருக்கும் தத்தம் சொந்தக் கணினி வேண்டும். மற்றவர்களும் பயன்படுத்தும் அலுவலகக் கணினியிலோ சைபர் கஃபே கணினியிலோ தனிச்சாவியை வைத்தால், மேற்கொண்டு செய்யும் எதற்கும் பயனில்லை. விண்டோஸ் என்றால் `Gpg4win` தொகுப்பை நிறுவ வேண்டும். அதில் கட்டளைவரிக்கான `gpg` நிரலும், சுட்டியால் இயக்கும் `Kleopatra` நிரலும் சேர்ந்தே வரும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் `gpg` ஏற்கெனவே இருக்கும். இவற்றோடு, காப்புப்படிக்கென்று ஒரு பென்டிரைவும், எதிர்த்தரப்பை அழைப்பதற்கு மின்னஞ்சல் வழியாக வராத ஒரு தொலைபேசி எண்ணும் தேவை. இந்தத் தொலைபேசி எண்ணைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொருவரிடமும் இரண்டு சாவிகள் இருக்கும். பொதுச்சாவியால் பூட்டியதை அதன் இணையான தனிச்சாவியால் மட்டுமே திறக்க முடியும். `gpg` நிரலானது கோப்பு முழுவதையும் பொதுச்சாவியால் பூட்டுவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்கி, அதனால் கோப்பைப் பூட்டிவிட்டு, அந்தச் சிறிய சாவியைப் பெறுநரின் பொதுச்சாவியால் பூட்டிக் கோப்போடு இணைத்துவிடுகிறது. ஆகவே இரண்டு பேருக்கு அனுப்பினால் கோப்பு இரட்டிப்பாவதில்லை. தற்காலிகச் சாவியின் இன்னொரு பூட்டிய நகல் மட்டுமே கூடுகிறது.

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கறிஞரின் பெயரையும் முகவரியையும் போட்டு யார் வேண்டுமானாலும் ஒரு சாவியை உருவாக்கலாம். `gpg` அதைத் தடுப்பதில்லை, சரிபார்ப்பதுமில்லை. 5 முதல் 7 வரையிலான படிகள் அந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காகவே இருக்கின்றன.

## 2. சாவி இணையை உருவாக்குதல்

```
gpg --quick-generate-key "Seyalalar <seyalalar@example.org>" default default 2y
```

கடைசியில் உள்ள `2y` சாவி இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதைக் குறிக்கிறது. பின்னால் நீட்டித்துக்கொள்ளலாம் என்பதால் இதில் இழப்பு ஏதும் இல்லை. காலாவதி வைக்காமல் உருவாக்கிய சாவி, அதன் உரிமையாளர் கடவுச்சொல்லை மறந்த பிறகும் மற்றவர்களின் கணினிகளில் என்றென்றும் செல்லுபடியாகும் சாவியாகவே தோன்றும். அதற்குப் பூட்டிய கடிதங்கள் வந்துகொண்டிருக்கும், எவராலும் அவற்றைப் படிக்க முடியாது.

கடவுச்சொல் கேட்கும்போது ஒரு சொல்லுக்குப் பதிலாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கொண்ட தொடராக வையுங்கள். மறந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை.

## 3. சாவியை வெளியே கொடுக்கும் முன் காப்புப்படி

இந்தப் படியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களே அதிகம். பொதுச்சாவி ஒருமுறை வெளியே போய்விட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது; இனி இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவிக்க மட்டுமே முடியும். அந்த அறிவிப்பைச் செய்யத் தனிச்சாவியோ, முன்பே எடுத்துவைத்த ரத்துச் சான்றிதழோ தேவை. கணினி கெட்டுத் தனிச்சாவியும் போய்விட்டால், ரத்துச் சான்றிதழ் இல்லாதவரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே கொடுப்பதற்கு முன் காப்பது என்பதுதான் வரிசை.

சாவி உருவாகும்போதே `gpg` ரத்துச் சான்றிதழையும் உருவாக்கி, தன் கோப்புறையில் உள்ள `openpgp-revocs.d` என்ற இடத்தில் வைத்துவிடுகிறது. கோப்பின் பெயர் `.rev` என்று முடியும். அதைத் திறந்து பார்த்தால், `-----BEGIN` என்ற வரிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இருப்பது தெரியும். தவறுதலாகச் சாவி ரத்தாகிவிடக் கூடாது என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். உண்மையாகவே ரத்து செய்ய வேண்டிய நாளில் அந்தப் புள்ளியை நீக்கிவிட்டுக் கோப்பை உள்ளிட வேண்டும். இந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்த பின், தனிச்சாவியையும் எடுத்துவையுங்கள்:

```
gpg --armor --output thani.asc --export-secret-keys seyalalar@example.org
```

## 4. பொதுச்சாவியைக் கொடுத்தல், வாங்குதல்

```
gpg --armor --output pothu.asc --export seyalalar@example.org
gpg --import vazhakkarignar.asc
```

பொதுச்சாவியை எந்த வழியிலும் அனுப்பலாம். அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் முந்தைய படியில் உருவான தனிச்சாவிக் கோப்பும் அதே கோப்புறையில் கிடப்பதால், அவசரத்தில் அதை இணைத்து அனுப்பிவிடுவோர் உண்டு. அனுப்புமுன் கோப்பைத் திறந்து முதல் வரியைப் படியுங்கள். `BEGIN PGP PUBLIC KEY BLOCK` என்று இருந்தால் அனுப்பலாம். `PRIVATE` என்ற சொல் இருந்தால் அது வெளியே போகக் கூடாதது. போய்விட்டிருந்தால் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை.

## 5. விரல்ரேகையைச் சரிபார்த்தல்

செயலாளரும் ஆசிரியையும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் இந்தப் படியை அவர்கள் நேரிலேயே செய்கிறார்கள். ஆசிரியை தம் கணினியில் தம் சாவியின் விரல்ரேகையை, அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் எண்ணெழுத்துத் தொடரை, எடுத்துத் தாளில் எழுதிக் கொண்டுவருகிறார். செயலாளர் தாம் உள்ளிட்ட ஆசிரியையின் சாவியில் அதே கட்டளையை இயக்கி இரண்டையும் ஒப்பிடுகிறார்.

```
gpg --fingerprint aasiriyai@example.org
```

இப்போது பரவலாக உள்ள சாவிகளில் விரல்ரேகை 40 எழுத்துகள் நீளம். நான்கு நான்காகப் பிரித்துப் பத்துத் தொகுதிகளாகத் திரையில் தெரியும். பத்தையும் ஒப்பிட வேண்டும். கடைசி எட்டு எழுத்துகள் மட்டும் பொருந்தினால் போதும் என்ற பழைய பழக்கம் ஆபத்தானது. அந்த எட்டு எழுத்துகள் ஒத்துப்போகும் போலிச் சாவிகளைச் சாதாரணக் கணினியிலேயே உருவாக்கலாம் என்று 2014இல் செய்து காட்டிவிட்டார்கள்.

நேரில் முடியாதபோது தொலைபேசியில் படித்துக் காட்டலாம். குரல் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். எண் முன்பே நம்மிடம் இருந்ததாக இருக்க வேண்டும். சாவியோடு அதே மின்னஞ்சலில் வந்த விரல்ரேகையை ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனெனில் சாவியை மாற்றிவைக்க முடிந்தவரால் விரல்ரேகையையும் மாற்ற முடியும். விரல்ரேகையில் எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகள் மட்டுமே வரும். அவற்றில் பி, சி, டி, இ நான்கும் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், ஊர்ப்பெயர் வைத்துச் சொல்லப் பழக்குகிறேன்: அம்பாங், பீடோர், செமோர், டாமன்சாரா, எண்டாவ், ஃபிரேசர் மலை. இந்தப் பெயர்களின் முதல் ஆங்கில எழுத்து இங்கே எல்லாருக்கும் தெரியும். இடையில் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்காது.

## 6. சரிபார்த்ததற்குக் கையொப்பமிடுதல்

ஒப்பிட்டு முடித்ததும், இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று தம் சாவியால் கையொப்பமிட வேண்டும். செயலாளர் ஆசிரியையின் சாவிக்கு இடுகிறார். அதேபோல், கோலாலம்பூருக்குப் போய் வழக்கறிஞரை நேரில் பார்த்து விரல்ரேகையைச் சரிபார்த்த ஆசிரியை, அவருடைய சாவிக்குக் கையொப்பமிடுகிறார்.

```
gpg --sign-key vazhakkarignar@example.org
```

`--lsign-key` என்ற கட்டளையும் உண்டு. அதனால் இடும் கையொப்பம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. செயலாளர் ஆசிரியையின் சாவிக்கு அதைப் பயன்படுத்தினாலே போதும். ஆனால் ஆசிரியை வழக்கறிஞரின் சாவிக்கு இடுவது இன்னொருவர் பார்ப்பதற்கான சாட்சி என்பதால் அது `--sign-key` ஆகத்தான் இருக்க வேண்டும். பிறகு அவர் அந்தச் சாவியைத் தம் கையொப்பத்தோடு ஏற்றுமதி செய்து செயலாளருக்கு அனுப்புகிறார்; செயலாளர் அதை `--import` செய்கிறார். கையொப்பம் வந்து சேர்ந்ததா என்பதை `gpg --check-sigs vazhakkarignar@example.org` காட்டும். சாவியின் சொந்தக் கையொப்பத்துக்குக் கீழே ஆசிரியையின் முகவரி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், கையொப்பமிடுவதற்கு முன் எடுத்த பழைய கோப்பை ஆசிரியை அனுப்பியிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள்.

## 7. செல்லுபடியும் நம்பிக்கையும்: தடுமாறும் இடம்

இவ்வளவும் செய்த பிறகு செயலாளர் `gpg --list-keys` என்று இயக்குகிறார். ஆசிரியையின் பெயருக்கு முன்னால் `[  full  ]` என்று வருகிறது. வழக்கறிஞரின் பெயருக்கு முன்னால் `[ unknown]` என்றே நிற்கிறது. ஏதோ தவறு நடந்துவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறு எதுவும் நடக்கவில்லை. நிரல் கேட்கும் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே விடை கிடைத்திருக்கிறது.

முதல் கேள்வி, இந்தச் சாவி ஆசிரியையுடையதுதானா என்பது. விரல்ரேகையைப் பார்த்துக் கையொப்பமிட்டதால் அதற்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி, ஆசிரியை பிறர் சாவிகளுக்கு இடும் கையொப்பத்தை நீங்கள் ஏற்பீர்களா என்பது. ஒருவரை நமக்கு நெடுங்காலமாகத் தெரியும் என்பதற்காக அவர் கைகாட்டும் ஆளையெல்லாம் சீட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டோம், அதுபோலத்தான் இதுவும். ஆசிரியை நாற்பது எழுத்துகளையும் ஒப்பிடுகிறவரா, தெரிந்தவர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுகிறவரா என்பதைச் செயலாளர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

```
gpg --edit-key aasiriyai@example.org
gpg> trust
gpg> save
```

`trust` என்று தட்டியதும் 1 முதல் 5 வரை ஒரு பட்டியல் வரும். 1 என்றால் தெரியாது. 2 என்றால் நம்பவில்லை. 3 ஓரளவு நம்பிக்கை. 4 முழு நம்பிக்கை. 5 அறுதியான நம்பிக்கை. வழக்கமான அமைப்பில், முழு நம்பிக்கை பெற்ற ஒருவரின் கையொப்பம் ஒரு சாவியைச் செல்லுபடியாக்கப் போதும். ஓரளவு நம்பிக்கை பெற்றவர்களாக இருந்தால் மூவரின் கையொப்பம் வேண்டும். கையொப்பமிட்டவரின் சாவியும் செல்லுபடியானதாக இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை. சங்கிலி ஐந்து படிகளுக்கு மேல் நீளாது. செயலாளர் 4 என்று தட்டிச் சேமித்ததும், வழக்கறிஞரின் சாவியும் `[  full  ]` ஆகிவிடுகிறது. நம்பிக்கை வலை என்பது இந்தக் கணக்குதான்.

இங்கே புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, மரியாதை கருதி 5ஐத் தேர்ந்தெடுப்பது. ஆசிரியைக்கு முழு மதிப்பெண் போடாமல் எப்படி என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 5 என்பது உங்கள் சொந்தச் சாவிக்கு உரியது. அதை இன்னொருவருக்குக் கொடுத்தால், நீங்கள் கையொப்பமே இடாத நிலையிலும் அந்தச் சாவி செல்லுபடியாகிவிடும். விரல்ரேகை பார்த்த வேலைக்குப் பொருளில்லாமல் போகும். நீங்கள் இடும் இந்த எண் உங்கள் கணினியிலேயே தங்கிவிடுகிறது, வேறு எவருக்கும் தெரியாது. ஆகவே 3 போட்டால் மனம் புண்படுமோ என்ற தயக்கம் வேண்டியதில்லை.

## 8. பூட்டி அனுப்புதல்

```
gpg --sign --encrypt -r vazhakkarignar@example.org -r seyalalar@example.org a1.pdf
```

இரண்டாவது `-r` செயலாளருக்கே உரியது. அதை விட்டுவிட்டால், தாம் அனுப்பியதைத் தாமே பின்னர் திறக்க முடியாது. `--sign` இருப்பதால், கோப்பு செயலாளரிடமிருந்துதான் வந்தது என்பதை வழக்கறிஞரும் சரிபார்க்கலாம். அதற்கு அவரும் 5, 6, 7ஆம் படிகளைத் தம் பக்கத்தில் செய்திருக்க வேண்டும்.

உருவாகும் `a1.pdf.gpg` கோப்பை வழக்கம்போல் மின்னஞ்சலில் இணைக்கலாம். கோப்புக்குப் பொருளற்ற பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. இணைப்பின் பெயர், கடிதத்தின் தலைப்பு, அனுப்புநர், பெறுநர், நேரம் ஆகிய எதுவும் இந்த முறையில் மறைவதில்லை. தலைப்பில் தொழிலாளியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிவிட்டு, உள்ளே அதே எண்ணைப் பூட்டி அனுப்புவதால் என்ன பயன்? நகல்களை முதலில் வாட்ஸ்அப் குழுவில் சேகரித்திருந்தால், அவை அங்குள்ள எல்லாக் கைபேசிகளிலும் பூட்டப்படாமல் கிடக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

7ஆம் படியைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு இந்த இடத்தில் `There is no assurance this key belongs to the named user` என்ற எச்சரிக்கை வரும். அப்படியே பயன்படுத்தவா என்ற கேள்வியும் தொடரும். `y` தட்டினால் வேலை நடந்துவிடும். இரண்டு முறை அப்படித் தட்டியவர் பிறகு எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. போலிச் சாவி வைத்து ஏமாற்ற நினைப்பவருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழக்கம்தான்.

## 9. இதைச் சிலரே பயன்படுத்துவது ஏன்

சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது நியாயமாகாது. 1999இல் ஆல்மா விட்டன், டைகர் என்ற இருவர், செய்திகளை இப்படிப் பூட்டும் அன்றைய மறையாக்க நிரல் ஒன்றை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிடங்களில் ஒரு செய்தியைக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் சரியாகச் செய்ய முடிந்தது. அந்த நிரலுக்கு அப்போதே சுட்டியால் இயக்கும் முகப்பு இருந்தது. ஆக, சிக்கல் பொத்தான்களின் அழகில் இல்லை. நிரல் மனிதரிடம் கேட்கும் கேள்வி, 7ஆம் படியில் பார்த்தது போல, இன்னொரு மனிதரின் கவனத்தை எடைபோடச் சொல்லும் கேள்வியாக இருப்பதே சிக்கல்.

அடுத்தது, வலை பின்னப்பட வேண்டுமானால் ஆட்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஆசிரியை என்ற ஒருவர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் வழக்கறிஞருக்குச் சங்கிலியே இல்லை. மறையாக்கம் தெரிந்தவர்கள் கூடிக் கையொப்பமிட்டுக்கொள்ளும் கூட்டங்கள் பல்கலைக்கழகங்களிலும் மென்பொருள் மாநாடுகளிலும் நடந்தனவே தவிர, செம்பனைத் தோட்டத்து ஊர்களில் அல்ல. ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டாலும் பயனில்லை. எதிர்முனையில் இருப்பவரும் எட்டுப் படிகளையும் கடந்திருக்க வேண்டும்.

ஊர் கடந்த சங்கிலிகளுக்குப் பொதுச்சாவிச் சேவையகங்கள் உதவும் என்றுதான் எண்ணினார்கள். எவரும் எந்தச் சாவிக்கும் கையொப்பத்தைச் சேர்க்கலாம், எதையும் நீக்க முடியாது என்பது பழைய சேவையகங்களின் அமைப்பு. 2019இல் இருவரின் சாவிகளுக்கு யாரோ பல்லாயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைக் கொட்டினார்கள். அவற்றைப் பதிவிறக்கியவர்களின் `gpg` நிரல் திணறி நின்றது. அதன் பிறகு `gpg` சேவையகத்திலிருந்து வரும் பிறர் கையொப்பங்களை இயல்பாகவே ஒதுக்கிவிடுகிறது. அதே ஆண்டு தொடங்கிய `keys.openpgp.org` மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கிறது, ஆனால் பிறரின் கையொப்பங்களை இயல்பாக வெளியிடுவதில்லை. 6ஆம் படியில் ஆசிரியையைக் கோப்பாக அனுப்பச் சொன்னதற்கு இதுவே காரணம். 2020இல் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல் தன் 78ஆம் பதிப்பில் இந்த மறையாக்கத்தை உள்ளேயே சேர்த்தபோது, நம்பிக்கை வலையின் கணக்கைச் சேர்க்கவில்லை; ஒவ்வொரு சாவியையும் ஏற்கிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டது.

பூட்டிய கடிதங்களோடு வாழ்வதும் எளிதல்ல. ஜிமெயிலின் தேடலில் அவற்றின் உள்ளடக்கம் அகப்படாது; கைபேசியில் படிக்க வேறு செயலிகள் வேண்டும். தனிச்சாவி ஒருநாள் களவு போனால், அதற்குப் பூட்டி வந்த பழைய கடிதங்கள் அனைத்தும் திறந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் 2016 முதல் தனிப்பட்ட உரையாடல்கள் தாமாகவே முனைக்கு முனை பூட்டப்படுகின்றன. சாவி என்று ஒன்று இருப்பதே பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை. அங்கும் பாதுகாப்புக் குறியீட்டை ஒப்பிடும் வசதி உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தவரை இந்த ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது: ஆட்கள் மாறாத சிறிய வட்டத்துக்கு, ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்பியே தீர வேண்டிய வேலைக்கு, இந்த முறை தகும். அப்போதும் வழக்கறிஞரை நேரில் பார்க்கவோ, தெரிந்த எண்ணில் அழைத்துப் பேசவோ முடியுமானால், 5ஆம் படியை அவரோடு நேரடியாகச் செய்து `--lsign-key` இட்டுவிடுங்கள், வலையே தேவைப்படாது. இடையாள் வழியாக மட்டுமே எட்டக்கூடியவர் என்றால்தான் 7ஆம் படி.

## 10. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

காலாவதி நாளுக்குச் சில வாரங்கள் முன்பே நீட்டித்துவிடுங்கள். `VIRALREGAI` என்ற இடத்தில் உங்கள் சாவியின் விரல்ரேகையை இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும்:

```
gpg --quick-set-expire VIRALREGAI 2y
gpg --quick-set-expire VIRALREGAI 2y "*"
```

முதல் வரி முதன்மைச் சாவிக்கு, இரண்டாவது வரி அதன் துணைச்சாவிகளுக்கு. பூட்டும் வேலையைச் செய்வது துணைச்சாவி என்பதால், முதல் வரியோடு நிறுத்தியவர்களுக்கு மற்றவர்களால் எதையும் பூட்டி அனுப்ப முடியாமல் போகலாம். விரல்ரேகை மாறாது, கையொப்பங்களும் போகாது. ஆனால் நீட்டித்த செய்தி தானாக யாருக்கும் போய்ச் சேராது. பொதுச்சாவியை மீண்டும் ஏற்றுமதி செய்து ஆசிரியைக்கும் வழக்கறிஞருக்கும் அனுப்ப வேண்டும்.